சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை: பெரிய கட்டடத்தின் குரல் எச்சரிக்கை அமைப்பில் அறிகுறி வழியே பிழை தேடுதல்

ஒரு பெரிய கட்டடத்தில் அறிவிப்பு சரியாகக் கேட்கவில்லை என்று புகார் வந்தால், பராமரிப்பில் இருப்பவர் முதலில் செய்வது ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவைக் கூட்டுவது. அதிலும் தீராவிட்டால், பெரிய ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று கொள்முதல் கோரிக்கை எழுதப்படும். நான் பார்த்த கட்டடங்களில் பெரும்பாலானவற்றில் குறை வாட்டில் இருந்ததே இல்லை. ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது, கேட்பவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இடையில் என்ன நடக்கிறது என்பதில்தான் குறை இருந்தது. ஆறு தளங்களும் ஓர் அடித்தள பார்க்கிங்கும் நடுவே கூரை வரை திறந்த முற்றமும் கொண்ட ஒரு வணிக வளாகத்தில், தீயணைப்புச் சான்றுக்கு முந்தைய சோதனையின்போது நான் கண்ட அறிகுறிகளை வைத்தே இந்த வழிமுறையை எழுதுகிறேன். ஒரே கட்டடத்தில் வெவ்வேறு அறிகுறிகள் இருந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறாக இருந்தும், எல்லாவற்றுக்கும் ஒலியளவைக் கூட்டுவது என்ற ஒரே மருந்துதான் அதுவரை கொடுக்கப்பட்டிருந்தது.

தேடலைத் தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒலி போதுமான அளவில் வந்து சேர்கிறதா என்பது ஒரு கேள்வி, வந்து சேர்ந்த ஒலியிலிருந்து சொற்களைப் பிரித்தறிய முடிகிறதா என்பது வேறொரு கேள்வி. முதலாவதை ஒலிமட்ட மானி டெசிபலில் சொல்லும். இரண்டாவதை அளக்க எஸ்.டி.ஐ எனப்படும் பேச்சுக் கடத்தல் குறியீடு இருக்கிறது. அது 0 முதல் 1 வரை செல்லும் எண். அதை அளக்கும் முறையை ஐ.இ.சி 60268-16 வரையறுக்கிறது. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ 72 தரும் வழிகாட்டுதல்படி, ஒரு பகுதியில் அளந்த இடங்களின் சராசரி 0.50-க்குக் குறையக் கூடாது; அவற்றில் 90 சதவீத இடங்களிலாவது 0.45 இருக்க வேண்டும். அந்த வளாகத்துக்கு நாங்கள் கைக்கொண்ட அளவுகோலும் அதுதான்.

களத்தில் இதை ஸ்டைப்பா என்ற சோதனை ஒலியைக் கொண்டு அளக்கிறோம். ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 நொடி ஆகும். அந்த நேரத்தில் யாராவது கதவை அடித்துச் சாத்தினாலோ அருகில் பேசினாலோ எண் கெட்டுவிடும் என்பதால், ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை அளந்து, மூன்றும் நெருங்கி வந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்வது என் வழக்கம்.

அறிகுறி: நடுமுற்றத்தில் சத்தம் காதை அடைக்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை

இந்த அறிகுறிதான் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. வளாகத்தின் நடுமுற்றம் 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 24 மீட்டர் உயரம். அதாவது 10,800 கன மீட்டர். தரை கிரானைட், கைப்பிடிச் சுவர்கள் கண்ணாடி, மேலே ஒளிபுகும் கூரை. கூரையின் இரும்புச் சட்டத்தில், தரையிலிருந்து 22 மீட்டர் உயரத்தில், 12 ஒலிபெருக்கிகள் கீழ்நோக்கித் தொங்கின. பதிவு செய்த வெளியேற்ற அறிவிப்பை ஓடவிட்டபோது ஒலிமட்டம் 84 டெசிபல் காட்டியது, ஸ்டைப்பாவில் எஸ்.டி.ஐ 0.33 மட்டுமே வந்தது. ஆம்ப்ளிஃபயரை 6 டெசிபல் கூட்டினோம், அதாவது நான்கு மடங்கு வாட் கொடுத்தோம். எஸ்.டி.ஐ அதே 0.33. இன்னும் கூட்டியபோது 0.31 ஆகக் குறைந்தது. ஒலி மிகவும் உரத்தால் ஓர் அலைவரிசையின் ஒலி அடுத்த அலைவரிசையை மறைக்கத் தொடங்கும், அந்த விளைவும் குறியீட்டில் கணக்கிடப்படுகிறது.

காரணம் எதிர்முழக்கம். ஒலிபெருக்கியிலிருந்து நேராக வரும் ஒலியோடு, சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்கிறது. ஒலியளவைக் கூட்டும்போது இரண்டும் ஒரே விகிதத்தில் கூடுகின்றன என்பதால், அவற்றுக்கிடையிலான விகிதம் இம்மியும் மாறுவதில்லை. நேரடி ஒலியும் திரும்பிய ஒலியும் சமமாகும் தூரத்தை இப்படிக் கணக்கிடலாம்:

```
Dc = 0.057 × √(Q × V / T)
```

இதில் Q என்பது ஒலிபெருக்கி ஒலியை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்பதன் எண், V கன அளவு, T எதிர்முழக்க நேரம், அதாவது நிறுத்திய ஒலி 60 டெசிபல் தணிய ஆகும் நொடிகள். தொங்கிய ஒலிபெருக்கியின் Q ஏறத்தாழ 6. நாங்கள் அளந்த T 3.4 நொடி. கணக்கிட்டால் 7.9 மீட்டர் வருகிறது. ஆனால் இது ஒரே ஒலிபெருக்கி ஒலிக்கும்போது. 12 ஒலிபெருக்கிகளும் சேர்ந்து அறையை நிரப்பும்போது, ஒருவருக்கு நேரடி ஒலியைத் தருவது அவருக்கு மேலே உள்ள ஒன்றுதான், மற்ற 11-ம் அவருக்கு முழக்கத்தை மட்டுமே கூட்டுகின்றன என்று எடுத்துக்கொண்டால், அந்தத் தூரத்தை 12-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், 2.3 மீட்டர்தான் மிஞ்சுகிறது. கேட்பவரின் காதோ 20 மீட்டருக்குக் கீழே இருக்கிறது. அங்கே நேரடி ஒலி, முழக்கத்தைவிட 19 டெசிபல் தாழ்ந்து கிடக்கிறது. கேட்பவர் காதில் விழுவது முழக்கம் மட்டுமே.

காதால் இதைக் கண்டறிவது எப்படி? அறிவிப்பு நடக்கும்போது பத்து மீட்டர் நகர்ந்து பாருங்கள். ஒலியளவும் தன்மையும் எங்கு நின்றாலும் ஒன்றுபோலவே இருந்தால், நீங்கள் முழக்கத்துக்குள் நிற்கிறீர்கள். அறிவிப்பைச் சட்டென்று நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகும் ஒலி இரண்டு நொடிக்கு மேல் இழுத்துக்கொண்டே போனால் வேறு சாட்சி தேவையில்லை.

இதற்குத் தீர்வு, ஒலிபெருக்கியை மனிதருக்கு அருகே கொண்டுவருவது. கூரையில் இருந்த 12-ஐயும் அவசர அறிவிப்பிலிருந்து துண்டித்தோம். முற்றத்தின் இரு நீளப் பக்கங்களிலும் உள்ள தூண்களில், பக்கத்துக்கு மூன்றாக, ஆறு காலம் ஸ்பீக்கர்களை மூன்று மீட்டர் உயரத்தில் பொருத்தினோம். பல சிறு ஒலிபெருக்கிகளை ஒரே சட்டத்தில் செங்குத்தாக அடுக்கிய இவை, ஒலியை மேலும் கீழும் சிதறவிடாமல் கிடையாக நிற்பவர்கள் மேல் வீசும். அவற்றின் Q ஏறத்தாழ 12. அதோடு மேல்தளக் கைப்பிடிச் சுவர்களின் முகப்பிலும் கூரையின் ஓரங்களிலும் 250 சதுர மீட்டர் ஒலி உறிஞ்சும் பலகைகள் வைக்கப்பட்டன. எதிர்முழக்க நேரம் 2.4 நொடி அளவுக்கு இறங்கியது. ஆறு ஒலிபெருக்கிகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்ட தூரம் இப்போது 5 மீட்டரைத் தாண்டுகிறது. முற்றத்தின் நடுக்கோட்டில் நிற்பவர் இரு பக்கத் தூண்களிலிருந்தும் ஏழரை மீட்டரில் இருக்கிறார். இரண்டின் நேரடி ஒலியும் அவருக்கு ஒருங்கே வந்து சேர்கிறது. மறுபடி அளந்தபோது சராசரி 0.53, மிகக் குறைந்த இடத்தில் 0.47. ஒலிமட்டம் 84-லிருந்து 78-ஆகக் குறைந்திருந்தது.

பலகைகள் வைக்கக் கட்டடக்கலைஞர் ஒப்புக்கொள்ளாத இடங்களும் உண்டு. அப்போது ஒலிபெருக்கியின் இடத்தை மட்டும் மாற்றிப் பெரும்பங்கு முன்னேறலாம், ஆனால் 0.50-ஐத் தொடுவது உறுதியில்லை என்பதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தில் அறிவிப்பின் சொற்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. தமிழில் உயிரொலிகள் மெய்யொலிகளைவிட நீண்டு ஒலிப்பவை. முழக்கம் அவற்றை இழுத்து அடுத்து வரும் மெய்யொலியின் மேல் போர்த்திவிடும். அந்த வளாகத்தின் பதிவில் "மின்தூக்கியைப் பயன்படுத்த வேண்டாம்" என்று ஒரு வரி இருந்தது. முற்றத்தில் நின்று கேட்ட மூவரில் ஒருவர் அதை "பயன்படுத்த வேண்டும்" என்று எழுதித் தந்தார். "டாம்", "டும்" இரண்டுக்கும் இடையே உள்ளது ஓர் உயிரொலியின் வேறுபாடு மட்டுமே; அதுவும் வாக்கியத்தின் கடைசியில், மூச்சு தாழும் இடத்தில் வருகிறது. தீ நேரத்தில் இந்த ஒரு அசை பொருளையே தலைகீழாக்கிவிடும். "லிஃப்ட் இயங்காது. படிக்கட்டில் இறங்குங்கள்" என்று மாற்றிப் பதிவு செய்தோம். "இடப்பக்கம்", "வலப்பக்கம்" என்பதற்கும் இதே கதிதான்: இரண்டிலும் "ப்பக்கம்" என்ற வால் ஒன்றே என்பதால், முதல் அசையைத் தவறவிட்டவருக்குத் திசையே தெரியாது. அதற்குப் பதில் படிக்கட்டின் மேல் எழுதியிருக்கும் நிறத்தையோ எதிரே உள்ள வாசலின் பெயரையோ சொல்வது நல்லது. எதிர்மறையை வினைமுற்றின் கடைசி அசையில் மட்டும் வைக்கும் வாக்கியங்களைக் குரல் எச்சரிக்கையில் நான் அனுமதிப்பதில்லை.

அறிகுறி: ஒலிபெருக்கியின் கீழ் நின்றால் தெளிவு, இரண்டு எட்டு நகர்ந்தால் மந்தம்

தளங்களின் பின்பக்கத்தில் ஊழியர்கள் செல்லும் 36 மீட்டர் நடைபாதைகளில் இந்தக் குறை இருந்தது. ஃபால்ஸ் சீலிங்கின் உயரம் 3.2 மீட்டர், ஆறு மீட்டருக்கு ஒன்றாக ஆறு ஒலிபெருக்கிகள், ஒவ்வொன்றும் 6 வாட் டேப்பில், அதாவது எத்தனை வாட் எடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மின்மாற்றி முனையில், வைக்கப்பட்டிருந்தன. ஒலிமட்ட மானியை வைத்துப் பார்த்தால், நேர் கீழேயும் இரண்டுக்கும் நடுவிலும் மொத்த அளவில் நான்கு டெசிபல்தான் வேறுபாடு. அதைக் கண்டு வடிவமைப்பு சரி என்று முன்பே கையொப்பமும் ஆகியிருந்தது. மானியை 4,000 ஹெர்ட்ஸ் பட்டைக்கு மாற்றியபோது அதே இரண்டு இடங்களுக்கும் இடையே 12 டெசிபல் வேறுபாடு தெரிந்தது. க, ச, த, ட போன்ற வல்லின ஒலிகளைப் பிரித்தறிய உதவும் ஆற்றல் இருப்பது 2,000 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும்தான். அது போய்விட்டால் யாரோ பேசுவது கேட்கும், சொற்கள் உருவாகா.

எந்தக் கூம்பு ஒலிபெருக்கியும் தாழ்ந்த அலைவரிசையில் அகலமாகவும் உயர்ந்த அலைவரிசையில் குறுகலாகவும் பரப்பும். தயாரிப்பாளரின் தாளில் பெரிதாக அச்சிடப்படும் கோணம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு உரியது. இங்கே அது 170 டிகிரி என்றிருந்தது. கீழே சிறிய அட்டவணையில் 4,000 ஹெர்ட்ஸுக்கு 80 டிகிரி. இடைவெளியைக் கணக்கிட இந்த இரண்டாவது எண்ணையே எடுக்க வேண்டும்:

```
D = 2 × (H − h) × tan(α / 2)
```

H சீலிங்கின் உயரம், h காதின் உயரம், α பரவும் கோணம். நிற்பவரின் காது 1.6 மீட்டர் என்று கொண்டால், D = 2 × 1.6 × 0.84, ஏறத்தாழ 2.7 மீட்டர். அந்த உயரத்தில் ஓர் ஒலிபெருக்கி தெளிவாகப் பேசும் வட்டத்தின் விட்டம் அவ்வளவுதான். ஆறு மீட்டர் இடைவெளியில் இரண்டு வட்டங்களுக்கு நடுவே மூன்று மீட்டருக்கும் மேல் நிழல் விழுகிறது.

கூடுதலாக ஒலிபெருக்கி வாங்கச் சொல்வதற்கு முன் துருவத்தைச் சோதிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டில் ஒன்றுக்கு இணைப்பு தலைகீழாகக் கொடுக்கப்பட்டிருந்தால், நடுவே ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்து, ஒலி கனமின்றி வெறுமையாகக் கேட்கும். அந்த நடைபாதைகளில் ஒன்றில் அப்படி ஓர் இணைப்பு இருந்தது. அதைச் சரிசெய்தபோது நடுவில் குரலுக்குக் கனம் திரும்பியது. ஆனால் 4,000 ஹெர்ட்ஸ் வேறுபாடு அப்படியே நின்றது, ஏனெனில் அது கோணத்தின் குறை.

இறுதியில் இடைவெளியை மூன்று மீட்டராக்கி, நடைபாதைக்கு 12 ஒலிபெருக்கிகள் வைத்தோம். எல்லாவற்றையும் 6 வாட்டிலிருந்து 1.5 வாட் டேப்புக்கு இறக்கினோம். ஒப்பந்தக்காரர்கள் நம்பத் தயங்கும் கணக்கு இதுதான்: முன்பு ஆறு ஒலிபெருக்கிகள் 36 வாட் எடுத்தன, இப்போது 12 ஒலிபெருக்கிகள் 18 வாட் எடுக்கின்றன. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபல் தரும் ஒலிபெருக்கி, 1.5 வாட்டில் 1.6 மீட்டர் கீழே நிற்பவருக்கு முழு மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 88 டெசிபல் தரும். பேச்சின் சராசரி அதற்குக் கணிசமாகக் கீழே இருந்தாலும், 55 டெசிபல் பின்னணிச் சத்தம் உள்ள நடைபாதைக்கு அது தாராளம். 6 வாட்டில் நேர் கீழே நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அகன்ற கூடங்களில் எண்ணிக்கை இருமடங்கல்ல, இடைவெளி விகிதத்தின் வர்க்கமாகப் பெருகும் என்பதால், அங்கே மூன்றரை, நான்கு மீட்டரில் நிறுத்திவிட்டு, 4,000 ஹெர்ட்ஸில் இன்னும் அகலமாகப் பரப்பும் ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுப்பதே செலவுக்கு உகந்தது.

அறிகுறி: தளம் தளமாக அறிவித்தால் சரி, மொத்தக் கட்டடத்துக்கும் அறிவித்தால் ஆம்ப்ளிஃபயர் அணைகிறது

வளாகத்தில் 500 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, வரைபடத்தின்படி 64 ஒலிபெருக்கிகளை, ஒவ்வொன்றும் 6 வாட்டாக, இயக்க வேண்டியிருந்தது. 384 வாட், 25 சதவீதம் இருப்பு சேர்த்தால் 480. தாளில் பிழையில்லை. ஆனால் எல்லா மண்டலங்களும் ஒன்றாக இணைந்ததும் அரை நிமிடத்தில் பாதுகாப்புச் சுற்று ஒலியைத் துண்டித்தது.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து எல்லா ஒலிபெருக்கிகளுக்கும் செல்லும் 100 வோல்ட் லைனில் எவ்வளவு சுமை தொங்குகிறது என்பதை அறிய வரைபடத்தைப் பார்ப்பதில் பயனில்லை. லைனையே கேட்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கம்பிகளைக் கழற்றி, இம்பிடன்ஸை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு லைன் காட்டும் தடையை, 1,000 ஹெர்ட்ஸில் அளக்கும் மானியை இணைக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இங்கே தவறான வழியில் கொண்டுபோய்விடும். அது நேர்மின்னோட்டத்தில் அளப்பதால், மின்மாற்றிச் சுருளின் கம்பித் தடையை மட்டும் காட்டி ஷார்ட் என்று பயமுறுத்தும். ஒலிபெருக்கிகளில் தடுப்பு மின்தேக்கி இருந்தால் லைனே அறுந்துவிட்டது என்று காட்டும்.

```
P = 10000 / Z
```

P சுமையின் வாட், Z அளந்த இம்பிடன்ஸ், 10000 என்பது 100 வோல்ட்டின் வர்க்கம். 384 வாட்டுக்கு 26 ஓம் வர வேண்டும். மானி காட்டியது 16.7 ஓம், அதாவது 600 வாட். கூடுதலாக 216 வாட் எங்கிருந்தோ ஏறியிருக்கிறது. மண்டலம் மண்டலமாகப் பிரித்து அளந்தபோது தளங்கள் எல்லாம் சரியாக இருந்தன. அடித்தள பார்க்கிங் மட்டும் 54 வாட்டுக்குப் பதில் 270 வாட் காட்டியது. அங்கிருந்த ஒன்பது ஹார்ன் ஒலிபெருக்கிகளின் டேப்பையும் யாரோ 6-லிருந்து 30-க்கு மாற்றியிருந்தார்கள். முதல் ஹார்னின் மூடியைத் திறந்தபோது, பழைய திருகில் தூசி படிந்திருந்தது, 30 என்று எழுதிய முனையின் திருகு மட்டும் பளிச்சென்று இருந்தது.

மாற்றியவரைக் குறை சொல்ல முடியாது. பார்க்கிங்கில் புகை வெளியேற்றும் விசிறிகள் ஓடும்போது பின்னணிச் சத்தம் 76 டெசிபல். அவர் செய்ததற்குக் காரணம் இருந்தது, தேர்ந்தெடுத்த வழிதான் பொருந்தவில்லை. விசிறிச் சத்தம் என்பது எதிர்முழக்கம் போன்றதல்ல; இங்கே ஒலியைக் கூட்டுவது உண்மையிலேயே உதவும். எஸ்.டி.ஐ கணக்கில், பேச்சு பின்னணியைவிட 15 டெசிபல் மேலே இருந்தால் சத்தத்தால் இழப்பில்லை, சமமாக இருந்தால் 0.5-க்கு மேல் ஏறவே ஏறாது, இடையில் ஒவ்வொரு டெசிபலுக்கும் ஏறத்தாழ 0.03 கூடும். ஆனால் தாழ்ந்த கான்கிரீட் கூரையின் கீழ் 15 மீட்டருக்கு ஒரு ஹார்ன் என்ற இடைவெளியில், அருகில் நிற்பவருக்குக் காது வலிக்கும் அளவு கொடுத்தும் நடுவில் இருப்பவருக்குப் போதாது. ஹார்ன்களை 18-ஆக்கி, விசிறிகளின் வாயை விட்டுத் தள்ளி, 10 வாட் டேப்பில் வைத்தோம். 180 வாட்டுக்கும் இருப்பு சேர்த்து 225. பார்க்கிங்குக்குத் தனியே 250 வாட் ஆம்ப்ளிஃபயர் கொடுத்தோம். பழைய ஆம்ப்ளிஃபயருக்கு 330 வாட்தான் மிஞ்சியது, அது இப்போது சூடேறுவதில்லை.

சோதனையை எப்போதும் விசிறிகளை ஓடவிட்டுச் செய்யுங்கள். இரவில், அமைதியான கட்டடத்தில் அளந்த எண்கள் தீ நேரத்தின் எண்கள் அல்ல. படிக்கட்டுகளில் புகை புகாமல் காற்றழுத்தம் தரும் விசிறிகளையும் சேர்த்தே ஓடவிட வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர் பாட்டுக்கு மட்டும் அணைந்து, பேச்சுக்கு அணையாவிட்டால் சுமையைத் தேட வேண்டாம். தாழ்ந்த அலைவரிசையில் மின்மாற்றிகள் நிறைவெய்தி, லைனின் இம்பிடன்ஸ் சரிந்துவிடுகிறது. உள்ளீட்டில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியை இயக்கினால் போதும்.

அறிகுறி: லைனின் கடைசியில் ஒலி குறைவு, அல்லது ஒரு தளத்தில் ஒன்றுவிட்டு ஒன்று ஊமை

கடைசி ஒலிபெருக்கிகள் மெலிந்திருந்தால் கேபிள் மெல்லியது என்ற பேச்சு உடனே எழும். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 12.1 ஓம். 200 மீட்டர் போய்வர 4.8 ஓம். 26 ஓம் சுமை முழுவதும் கடைசி முனையில் இருந்தாலும் இழப்பு ஒன்றரை டெசிபல்தான். காதுக்கு அது தெரியாது. எனவே கடைசியில் ஐந்தாறு டெசிபல் குறைந்தால், கேபிளைக் குறை சொல்லாமல் தளர்ந்த முனையைத் தேடுங்கள். பாதி லைனிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சந்திப்புப் பெட்டியிலும் மின்னழுத்தத்தை அளந்து, எங்கே சட்டென்று விழுகிறது என்று பார்த்தால் அரை மணியில் அகப்படும்.

ஒன்றுவிட்டு ஒன்று ஊமையாக இருப்பது ஒரு வகையில் நல்ல செய்தி. அடுத்தடுத்த ஒலிபெருக்கிகளை ஏ, பி என்று இரண்டு லைன்களில், இரண்டு ஆம்ப்ளிஃபயர்களிலிருந்து இணைத்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்று போயிருக்கிறது என்று பொருள். நடைபாதையில் மூன்று மீட்டர் இடைவெளி அப்போது ஆறு மீட்டராகிவிடும். தெளிவு குறையும், ஆனால் அறிவிப்பு அறவே நின்றுபோகாது. தொடர்ச்சியாக ஒரு பக்கம் முழுவதும் ஊமையானால், ஏ, பி இரண்டும் ஒரே குழாயில் ஓடுகின்றனவா, அல்லது ஒரே லைனையே இரண்டாக எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மத்திய பலகையில் பிழை விளக்கு எரியாமலே ஊமையாக இருந்தால், லைனின் கடைசியில் இருக்க வேண்டிய கண்காணிப்புக் கருவி நடுவில் எங்கோ பொருத்தப்பட்டிருக்கும்; அதற்கு அப்பால் உள்ள கம்பி அறுந்தாலும் பலகைக்குத் தெரியாது.

அறிகுறி: பதிவு செய்த அறிவிப்பு தெளிவு, நேரடி மைக்கில் பேசினால் குழப்பம்

மேலே உள்ளவை எல்லாம் தீர்ந்த பிறகும் இந்தக் குறை மிஞ்சியது. முற்றத்தில் பதிவுக்கு 0.53 கிடைத்த அதே இடத்தில், கட்டுப்பாட்டு அறையின் தீயணைப்பு மைக் வழியாகப் பேசியதில் பாதிச் சொற்கள் புரியவில்லை. ஸ்டைப்பா ஒலியை நாங்கள் அதுவரை ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டில் நேராகச் செலுத்தி வந்திருந்தோம். மைக்கும் அது இருக்கும் அறையும் கணக்கிலேயே வரவில்லை. சிறிய ஒலிபெருக்கி ஒன்றை மைக்கின் முன்னே, வாய் இருக்கும் இடத்தில் வைத்து அதே சோதனை ஒலியை ஓடவிட்டோம். 10 சென்டிமீட்டரில் 0.50. 50 சென்டிமீட்டரில் 0.39. அறை சிறியது, சுவர்கள் வெற்று டைல்ஸ், தலைக்கு மேலே ஏசி ஓடுகிறது. மைக் தள்ளிப் போகப் போக அந்த அறையின் முழக்கமும் ஏசியின் இரைச்சலும் குரலோடு சேர்ந்து, ஆறு தளங்களுக்கும் போய்ச் சேர்கின்றன.

அறையின் இரண்டு சுவர்களில் உறிஞ்சும் பலகை ஒட்டி, ஏசியின் காற்று மைக்கின் மேல் விழாதபடி திருப்பிவிட்டோம். காவலர்கள் நால்வரையும் ஒவ்வொருவராக அழைத்து, மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் அகலத்தில் பிடித்து, சாதாரணக் குரலில், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு மூச்சு இடைவெளி விட்டுப் பேசப் பழக்கினோம். முதல் முறை எல்லோரும் கத்தினார்கள். மைக்கின் முன்பெருக்கி வெட்டுப்பட்டு, கூர்மையான கரகரப்பாக வந்தது. ஒருவர் பேச, மற்ற மூவரும் முற்றத்திலும் நடைபாதையிலும் பார்க்கிங்கிலும் நின்று கேட்டதை எழுதி வந்தார்கள். மூன்றாவது சுற்றில் மூன்று தாள்களிலும் ஒரே வாக்கியம் இருந்தது. அந்தத் தாள்களை அளவீட்டு எண்களோடு சேர்த்துக் கோப்பில் வைத்தோம். ஆண்டுதோறும் செய்யும் சோதனையில் எண்களை அளப்பதற்கு முன், இதே மூன்று இடங்களில் இதே எழுத்துச் சோதனையை முதலில் நடத்த வேண்டும் என்று பராமரிப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம்.